கைப்பேசியில் பிரெஞ்சு

எஹலியகொடையில் பிரெஞ்சு பயிலும் மாணவர் ஒருவருக்கு, தமிழ்க் கடைகள் நிறைந்த பாரிஸின் லா ஷபேலிலிருந்து தமையனார் விடுத்த செய்தி இது: "koi 2 9? g fini. tkt". அகராதி இதற்கு உதவாது. வாய்விட்டு வாசித்துக் காதால் அறிதல் வேண்டும்.

பிரெஞ்சில் 2 'தெ'; 9 'நெஃப்'. நெஃப் என்பதற்குப் புதிது என்றும் பொருளுண்டு. ஆகவே 'க்வா தெ நெஃப்', அதாவது 'என்ன புதினம்?'.

அடுத்த g எழுத்தை ஆங்கிலப் பழக்கத்தால் 'ஜீ' என்போர் வழி தவறுவர். பிரெஞ்சில் அதன் பெயர் 'ஜே'. J எழுத்தே 'ஜி'. 'ஜே ஃபினி' என்றால் 'முடித்துவிட்டேன்'.

tkt மட்டும் ஒலிக்கு அடங்காது. 'தேன்கியெத்' என்னும் சொல்லில் உயிரொலிகளை நீக்கி மெய்களை மட்டும் நிறுத்தியது அது. 'கவலைப்படாதே' என்பது பொருள்.

'நீ' என்று விளிக்கும் உறவினர்க்கே இச்சுருக்கம் பொருந்தும். 'நீங்கள்' என வேண்டிய ஆசிரியர்க்கும் அதிகாரிக்கும் முழுச் சொற்களையே எழுதுக.