வடிவம் வேறு, இலை வரிசை ஒன்று

கணினியில் தரவை அடுக்கி வைக்கும் வடிவங்களில் பைனரி மரமும் ஒன்று. அதன் உச்சியில் வேர் எனப்படும் ஒரு கணு இருக்கும். எந்தக் கணுவுக்கும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று அதிகம் போனால் இரண்டு பிள்ளைகள்தான். பிள்ளையே இல்லாத கணு இலை எனப்படும். இலைகளில் உள்ள மதிப்புகளை மட்டும் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போனால் ஒரு வரிசை கிடைக்கும். இரண்டு மரங்களைக் கொடுத்து, அவற்றின் இலை வரிசை ஒன்றேதானா என்று கேட்பது கணினியியலில் அரை நூற்றாண்டாக இருந்துவரும் ஒரு கேள்வி. ஆங்கிலத்தில் இதற்கு ‘சேம் ஃப்ரிஞ்ச்’ என்று பெயர். மரங்கள் ஒரே வடிவத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை. இடையில் உள்ள கணுக்களில் என்ன எழுதியிருந்தாலும் கணக்கில் வராது.

இலைகளில் மட்டும் மதிப்பு உள்ள மரத்தை அடைப்புக்குறிகளால் எழுதிக் காட்டலாம். ஒரு கணுவுக்கு ஒரு சோடி அடைப்புக்குறி. அதற்குள் முதலில் இடப்பிள்ளை, அடுத்து வலப்பிள்ளை. இப்படி இரண்டு மரங்கள்:

```
அ:  ((5 2) (7 (2 9)))
ஆ:  ((5 (2 7)) (2 9))
```

அடைப்புக்குறிகளை அழித்துவிட்டால் இரண்டிலும் மிஞ்சுவது 5, 2, 7, 2, 9 என்ற ஒரே வரிசை. ஆகவே விடை ‘ஆம்’. ஆனால் இந்த விடையை ஒரு நிரல் எப்படிக் கண்டுபிடிக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மரம் என்றாலே நிரல் எழுதுபவர்களுக்கு முதலில் தோன்றுவது தற்சுழற்சி. ஒரு செயற்கூறு தன்னையே அழைத்து, இடப்பிள்ளைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும். பிறகு வலப்பிள்ளைகளை ஒப்பிடும். இரண்டு மரங்களும் அச்சு அசலாக ஒன்றா என்று பார்க்க இது போதும். இலை வரிசைக்கு இது உதவாது. மேலே உள்ள மரங்களின் இடப்பிள்ளைகளை எடுத்தால் ஒன்று (5 2), மற்றொன்று (5 (2 7)). இவற்றின் இலை வரிசைகள் வேறு வேறு. ஆனாலும் முழு மரங்களின் இலை வரிசை ஒன்றுதான். பெரிய கேள்வியை வேரில் இரண்டாக வெட்டி, சிறிய கேள்விகளின் விடைகளைச் சேர்த்துப் பெரிய விடையைப் பெற முடியாத இடம் இது. ஒரு மரத்தில் வேருக்கு இடப்புறம் நிற்கும் 7, இன்னொன்றில் வலப்புறம் நிற்கிறது.

அடுத்து எவரும் நினைப்பது, ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே நடந்து முடித்து, இலைகளை இரண்டு பட்டியல்களில் எழுதிக்கொண்டு, பட்டியல்களை ஒப்பிடுவது. இது சரியான விடையைத் தரும். சிறிய மரங்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையும் இல்லை. குறை என்னவென்றால், முதல் இலையிலேயே வேறுபாடு இருந்தாலும் இரண்டு மரங்களையும் கடைசிவரை நடந்த பிறகுதான் அது தெரியவரும். பத்து லட்சம் இலைகள் கொண்ட இரண்டு மரங்களுக்கு இருபது லட்சம் மதிப்புகளைத் தனியே எழுதிவைக்க நினைவகமும் வேண்டும்.

நல்ல தீர்வு, இரண்டு மரங்களிலும் மாறிமாறி ஒவ்வோர் இலையாக நகர்வது. முதல் மரத்தில் ஓர் இலை, இரண்டாவதில் ஓர் இலை, ஒப்பீடு. பிறகு அடுத்த இலை. வேறுபாடு கண்ட கணமே நிறுத்திவிடலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. மரத்தின் நடுவில், பல நிலை ஆழத்தில் நின்று ஓர் இலையைக் கொடுத்துவிட்டு, அடுத்த மரம் தன் இலையைக் கொடுக்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். சாதாரணத் தற்சுழற்சிச் செயற்கூறு அப்படி நடுவில் நிற்காது. தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் திரும்பும். இந்த ஒரு காரணத்தால்தான் 1970களில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த கார்ல் ஹியூவிட் போன்றவர்கள் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். பாதியில் நின்று பிறகு தொடரக்கூடிய நிரல்கள் ஏன் வேண்டும் என்பதைக் காட்ட இதைவிடச் சிறிய, தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

விட்ட இடத்தை நினைவில் வைக்க மொழி உதவாவிட்டால், நிரலே அதை எழுதிவைத்துக்கொள்ளலாம். இன்னும் பார்க்க வேண்டிய கணுக்களை ஓர் அடுக்கில் வைத்தால் போதும். கடைசியாக வைத்தது முதலில் வெளியே வரும் என்பது அடுக்கின் விதி. ஒரு கணுவை எடுக்க வேண்டும்; அது இலையானால் அதுவே அடுத்த இலை. இலை இல்லையென்றால் வலப்பிள்ளையை முதலிலும், இடப்பிள்ளையை அதன் மேலும் வைக்க வேண்டும். இடப்பிள்ளை மேலே இருப்பதால் அது முதலில் வெளியே வரும். இடமிருந்து வலம் என்ற ஒழுங்கு குலையாது. பைத்தான் மொழியில் இது இவ்வளவுதான்:

```python
def next_leaf(stack):
    while stack:
        node = stack.pop()
        if node.left is None and node.right is None:
            return node
        if node.right is not None:
            stack.append(node.right)
        if node.left is not None:
            stack.append(node.left)
    return None

def same_leaves(a, b):
    sa = [a] if a is not None else []
    sb = [b] if b is not None else []
    while True:
        x, y = next_leaf(sa), next_leaf(sb)
        if x is None or y is None:
            return x is y
        if x.val != y.val:
            return False
```

மேலே கொடுத்த இரண்டு மரங்களில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். அ மரத்தில் வேரை எடுத்ததும் அடுக்கில் (7 (2 9)) கீழேயும் (5 2) மேலேயும் அமர்கின்றன. (5 2) வெளியே வந்து 2, 5 என்று பிரிந்து, 5 முதல் இலையாகக் கிடைக்கிறது. அடுக்கில் மேலிருந்து கீழாக 2, (7 (2 9)) மிஞ்சுகின்றன. ஆ மரத்தில் இதே வேலை நடந்து 5 கிடைத்த பிறகு, அடுக்கில் (2 7), (2 9) மிஞ்சுகின்றன. ஐந்தும் ஐந்தும் பொருந்திவிட்டன. அடுத்த சுற்றில் அ மரத்தின் அடுக்கிலிருந்து 2 நேராக வருகிறது. ஆ மரத்தில் (2 7) பிரிந்து 2 வருகிறது. மூன்றாவது சுற்றில் அ மரம் (7 (2 9)) என்பதைப் பிரித்து 7 தருகிறது. ஆ மரத்தில் 7 ஏற்கெனவே அடுக்கின் மேலே தயாராக இருக்கிறது. இப்போது இரண்டு அடுக்குகளிலும் மிஞ்சியிருப்பது (2 9) மட்டுமே. எஞ்சிய இரண்டு இலைகளும் பொருந்தி, இரண்டு அடுக்குகளும் ஒன்றாகக் காலியாகின்றன.

ஆ மரத்தில் முதல் 2 இருந்த இடத்தில் 3 இருந்திருந்தால், இரண்டாவது சுற்றிலேயே விடை ‘இல்லை’ என்று வந்திருக்கும். அ மரத்தின் (7 (2 9)), ஆ மரத்தின் (2 9) ஆகிய கிளைகள் திறந்து பார்க்கப்படாமலே இருந்திருக்கும். இந்த முறையின் முழுப் பயனும் அதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு கணுவும் அடுக்கில் ஒரே ஒரு முறைதான் ஏறி இறங்குகிறது. எனவே மிக மோசமான நிலையிலும் நேரம் இரண்டு மரங்களின் மொத்தக் கணுக்களின் எண்ணிக்கையைத் தாண்டி வளராது. நினைவகம் மரத்தின் உயரத்தைப் பொறுத்தது. சமநிலையான பத்து லட்சம் இலை மரத்துக்கு உயரம் 20தான். அடுக்கில் ஒரே நேரத்தில் 21 கணுக்களுக்கு மேல் இருக்காது. சாய்ந்த மரங்களில் கதை வேறு. வலப்பக்கமே நீண்டுகொண்டு போகும் மரத்துக்கு அடுக்கில் இரண்டு இடம் போதும். இடப்பக்கமே நீளும் மரத்துக்கோ, முதல் இலையை அடைவதற்குள் அடுக்கில் எல்லாக் கிளைகளும் சேர்ந்துவிடும்.

லிஸ்ப் மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி 1977இல் வேறொரு வழியைச் சொன்னார். அவர் அடுக்கையே மரத்துக்குள் ஒளித்துவைத்தார் எனலாம். ((X Y) Z) என்ற மரத்தை (X (Y Z)) என்று மாற்றினால் இலை வரிசை மாறாது. இடக்கிளை மட்டும் ஒரு படி குட்டையாகும். இடப்பிள்ளை இலையாகும்வரை இப்படித் திருப்பிக்கொண்டே போனால் முதல் இலை முகப்புக்கு வந்துவிடும். அ மரம் ஒரே திருப்பலில் (5 (2 (7 (2 9)))) ஆகிறது. ஆ மரம் (5 ((2 7) (2 9))) ஆகிறது. ஐந்துகளை ஒப்பிட்டுவிட்டு மிச்சத்தை எடுத்தால், அ மரத்தில் (2 (7 (2 9))) இருக்கிறது. ஆ மரத்தின் மிச்சத்தை ஒரு முறை திருப்பினால் அதுவும் அதே (2 (7 (2 9))) ஆகிவிடுகிறது. மூல மரங்களை இது தொடுவதில்லை. திருப்பும்போதெல்லாம் புதிய கணுக்களை உருவாக்கிக்கொள்கிறது. கோரூட்டீன் போன்ற சிறப்பு வசதி எதுவும் இல்லாமல், எளிய தற்சுழற்சியாலேயே இதைச் செய்துவிட முடியும் என்று இந்த முறை காட்டியது.

இன்றைய பைத்தானில் `yield` என்ற சொல் ஒரு செயற்கூற்றை நடுவில் நிறுத்திவைக்கும். 2001இல் வந்த 2.2 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. அதை வைத்து இதே நிரலை இன்னும் சுருக்கமாக எழுதலாம். ஆனால் தற்சுழற்சியோடு `yield from` சேரும்போது ஒவ்வோர் இலையும் தான் இருக்கும் ஆழத்திலிருந்து படிப்படியாக மேலே ஏறி வர வேண்டும். மிக ஆழமான மரத்தில் இது வேகத்தைக் குறைக்கும். வழக்கமான அமைப்பில் பைத்தான் தற்சுழற்சியை 1000 நிலையோடு தடுத்தும் விடும். நிரலே அடுக்கை வைத்துக்கொள்ளும் முறைக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

தவறுகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் நுழைகின்றன. இலைகளை ஒட்டி ஒரே சரமாக்கி ஒப்பிட்டால் 12, 3 என்ற வரிசையும் 1, 23 என்ற வரிசையும் ‘123’ என்று ஒன்றாகிவிடும். `zip` கொண்டு இரண்டு வரிசைகளையும் இணைத்தால் குட்டையான வரிசை முடிந்ததும் அது பேசாமல் நின்றுவிடும். 5, 2 என்பதும் 5, 2, 7 என்பதும் ஒன்று என்ற தவறான விடை வரும். மேலே உள்ள நிரலில் `return x is y` என்ற வரி இதற்காகத்தான்: இரண்டும் ஒரே சுற்றில் தீர்ந்தால் மட்டுமே ‘ஆம்’. மூன்றாவது, ஒரே பிள்ளை உள்ள கணுவை இலை என்று எண்ணிவிடுவது. இடப்பிள்ளை இல்லை என்பதை மட்டும் பார்த்து இலை என்று முடிவுகட்டும் நிரல், வலப்பிள்ளை மட்டும் உள்ள கணுவின் மதிப்பை வரிசையில் சேர்த்துவிட்டு உண்மையான இலையைத் தவறவிடும். இரண்டு பிள்ளைகளும் நிறைந்த மரங்களை மட்டும் கொடுத்துச் சோதித்தால் இந்தப் பிழை வெளியே வராது. ஆகவே நிரலை எழுதி முடித்தவர்கள் ஒற்றைப் பிள்ளை உள்ள மரம், ஒன்றின் வரிசை மற்றொன்றின் தொடக்கமாக அமைந்த சோடி, 12, 3 எதிர் 1, 23 என்ற சோடி ஆகிய மூன்றையும் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்.