பென்டிரைவ் இல்லாமல் 40 கணினிகள்

1999-ல் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே ஒரு சர்வரையும் 16 கணினிகளையும் கொண்ட தொகுதியை அமைக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ் ஏற வேண்டும். சன் நிறுவனத்தின் சோலாரிஸ் இயங்குதளத்தில் அவருக்கு நல்ல பழக்கம். அதில் ஜம்ப்ஸ்டார்ட் என்றொரு வசதி உண்டு. கணினிகள் நெட்வொர்க் வழியாகத் தாமாகவே இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளும். டெபியனுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று லாங்கே எழுதத் தொடங்கிய மென்பொருள்தான் எஃப்ஏஐ.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்டெல் நிறுவனம் பிஎக்ஸ்இ விவரக்குறிப்பின் 2.1 பதிப்பை வெளியிட்டது. கணினியின் நெட்வொர்க் கார்டு, வட்டில் எதுவும் இல்லாத நிலையிலேயே கேபிள் வழியாக உதவி கேட்கலாம், வரும் கோப்பை நினைவகத்தில் ஏற்றி இயக்கலாம் என்பது அதன் சாரம். ‘பிக்ஸி’ என்று அழைக்கப்படும் இந்த முறை இன்று கடையில் வாங்கும் ஏறக்குறைய எல்லா மேசைக் கணினிகளிலும் இருக்கிறது. பல ஆய்வகங்களில் அது அணைத்தே கிடக்கிறது.

பழக்கமான வழி வேறு. ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கி, பென்டிரைவில் எழுதி, ஒவ்வொரு கணினியாகச் செருகி, மொழி எது, விசைப்பலகை எது, வட்டை எப்படிப் பிரிப்பது என்று கேட்கும் அதே கேள்விகளுக்கு அதே பதில்களைத் தட்டுவது. மூன்று கணினிகளுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 40 கணினிகள் என்றால், 27-வது கணினிக்கு வரும்போது கை தவறி வேறு கடவுச்சொல் விழும். நிறுவி முடித்த பிறகுதான் 40 கணினிகளும் ஒன்றுபோல் இல்லை என்பது தெரியவரும்.

அந்த 40 கணினிகளையே எடுத்துக்கொள்வோம். ஆய்வகத்தின் ஸ்விட்சில் பழைய கணினி ஒன்றைச் சர்வராகச் செருகினால் போதும். அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருப்பது நல்லது: ஒன்று இணையத்துக்கு, மற்றொன்று ஆய்வகத்துக்கு.

மாணவரின் கணினியை நெட்வொர்க் வழியாகத் தொடங்கச் சொன்னதும் அதன் கார்டு முதலில் முகவரி கேட்டு நெட்வொர்க் முழுவதற்கும் ஓர் அழைப்பு விடும். இது வீட்டு வைஃபையிலும் நடக்கும் டிஹெச்சிபி அழைப்புதான். ஆனால் இதில் கூடுதலாக ஒரு வரி இருக்கும்: ‘நான் பிஎக்ஸ்இ கணினி, என் வகை இது.’ சர்வர் பதிலில் ஐபி முகவரியோடு, எந்தச் சர்வரில் எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்பதும் வரும். கணினி அந்தக் கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய முறையில் இறக்கி இயக்கும். அந்தச் சிறு நிரல் லினக்ஸ் கர்னலையும் நிறுவியையும் கொண்டுவரும். அதன் பிறகு மற்ற மென்பொருள்கள் வழக்கமான ஹெச்டிடிபி வழியில் வரும்.

ஐஎஸ்ஓவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். ஐஎஸ்ஓவில் தொடக்க நிரல், கர்னல், மென்பொருள் எல்லாம் ஒரே மூட்டையாக இருக்கும். பிஎக்ஸ்இயில் அவை பிரிந்து, தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் துண்டு மட்டும் வரும். டெபியன் இதற்கென்றே `netboot.tar.gz` என்ற சிறு தொகுப்பைத் தருகிறது. அதைச் சர்வரில் `/srv/tftp` அடைவில் விரித்துவிட்டு, `dnsmasq` என்ற நிரலுக்கு இப்படி எழுதினால் போதும்:

```
interface=enp3s0
dhcp-range=192.168.50.100,192.168.50.180,12h
dhcp-match=set:efi64,option:client-arch,7
dhcp-boot=tag:efi64,debian-installer/amd64/bootnetx64.efi
dhcp-boot=tag:!efi64,pxelinux.0
enable-tftp
tftp-root=/srv/tftp
```

முதல் வரி, ஆய்வகப் பக்கம் இருக்கும் கார்டில் மட்டும் பதில் சொல்லச் சொல்கிறது. மூன்றாம் வரியில் உள்ள 7 என்ற எண், கணினி தன் வகையைச் சொல்லும் குறி. புதிய யூஇஎஃப்ஐ கணினிகள் 7 என்று சொல்லும். பழைய பயாஸ் கணினிகள் 0 என்று சொல்லும். இரண்டுக்கும் தொடக்கக் கோப்பு வேறு. பயாஸ் கணினிக்கு உரியதை யூஇஎஃப்ஐ கணினிக்குக் கொடுத்தால், கோப்பு ஒழுங்காக இறங்கும், ஆனால் திரை அப்படியே நிற்கும் அல்லது பழைய மெனுவுக்குத் திரும்பிவிடும். ஒரே ஆய்வகத்தில் பாதிக் கணினிகள் தொடங்கிப் பாதி தொடங்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

டிஎஃப்டிபி 1980-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அடிப்படை முறையில் ஒரு தடவைக்கு 512 பைட் மட்டுமே அனுப்பும். கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்த பிறகே அடுத்த குடம் இறைப்பதுபோல, ‘வந்துசேர்ந்தது’ என்ற பதில் கிடைத்த பிறகே அடுத்த துண்டு புறப்படும். 40 மெகாபைட் கோப்புக்கு 80,000-க்கும் மேற்பட்ட நடை. ஒரு நடைக்கு ஒரு மில்லிவினாடி என்றாலே ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். துண்டின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி 1995-ல் சேர்க்கப்பட்டது. இன்றைய தொடக்க நிரல்கள் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துகின்றன. ஆனாலும் டிஎஃப்டிபியிடம் சிறு கோப்புகளை மட்டும் கொடுத்துவிட்டு, கனமானவற்றை ஹெச்டிடிபியிடம் விடுவதே வழக்கம்.

நிறுவி வந்துவிட்டது. இனி அது கேள்வி கேட்கும். 40 திரைகளிலும் பதில் தட்டுவதானால் பென்டிரைவை விட்டதில் பாதிப் பயன்கூட இல்லை. அதற்காக டெபியனில் ப்ரீசீட் என்ற பதில் கோப்பு இருக்கிறது. ரெட்ஹேட் குடும்பத்தில் கிக்ஸ்டார்ட், உபுண்டுவில் ஆட்டோஇன்ஸ்டால் இதே வேலையைச் செய்கின்றன. ப்ரீசீட் கோப்பிலிருந்து நான்கு வரிகள்:

```
d-i partman-auto/disk string /dev/sda
d-i partman-auto/method string regular
d-i mirror/http/proxy string http://192.168.50.1:3142/
d-i pkgsel/include string gcc gdb openssh-server
```

தொடக்க மெனுவில் கர்னலுக்கு அருகே `auto=true priority=critical url=http://192.168.50.1/lab.cfg` என்று சேர்த்தால், நிறுவி இந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு வாய் திறக்காமல் வேலை செய்யும். `auto=true` இல்லாவிட்டால், நெட்வொர்க் கிடைப்பதற்கு முன்பே மொழியையும் விசைப்பலகையையும் கேட்டு நின்றுவிடும்; பதில் கோப்பு இன்னும் அதன் கைக்கு வந்திருக்காது அல்லவா. முதல் வரியும் கவனிக்க வேண்டியது. புதிய கணினிகளில் என்விஎம்இ வட்டின் பெயர் `/dev/nvme0n1`. அதில் `sda` என்பது யாரோ செருகிவைத்த பென்டிரைவாகக்கூட இருக்கலாம். வட்டுகள் கலந்திருக்கும் ஆய்வகத்துக்கு இரண்டு பதில் கோப்புகள் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் வரியில் உள்ள முகவரி, சர்வரில் ஓடும் `apt-cacher-ng` என்ற நிரலுடையது. அதன் அவசியத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒரு கணினிக்கு 2 ஜிபி மென்பொருள் என்றால் 40-க்கு 80 ஜிபி. கல்லூரியின் 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழுவதையும் ஆய்வகமே பிடித்துக்கொண்டாலும் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் இந்தச் சேமிப்பகம் இருந்தால் ஒரே 2 ஜிபிதான் வெளியிலிருந்து வரும். அதற்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. மீதி எல்லாம் ஆய்வகத்துக்கு உள்ளேயே நடக்கும். சர்வரின் கேபிள் ஒரு ஜிகாபிட் என்றால் 80 ஜிபியும் சுமார் 11 நிமிடத்தில் கடந்துவிடும். அதன் பிறகு வேகத்தைத் தீர்மானிப்பவை ஒவ்வொரு கணினியின் வட்டும் செயலியும்தான். முதலில் ஒரே ஒரு கணினியை முழுமையாக நிறுவிப் பார்ப்பதில் இரட்டைப் பயன் உண்டு: பதில் கோப்பில் பிழை இருந்தால் தெரிந்துவிடும், சேமிப்பகமும் நிரம்பிவிடும். மீதி 39-ஐ அதற்குப் பிறகு ஒன்றாகத் தொடங்கலாம்.

கோளாறுகள் பெரும்பாலும் முதல் சில வினாடிகளிலேயே வரும். பழைய பயாஸ் கணினிகளின் திரையில் தெரியும் குறியீடுகள் நன்றாக வழிகாட்டும். `PXE-E61` என்றால் கேபிளைப் பார்க்க வேண்டும். `PXE-E51` என்றால் முகவரி கேட்ட அழைப்புக்கு யாரும் பதில் சொல்லவில்லை. `PXE-E53` என்றால் முகவரி கிடைத்தது, கோப்பின் பெயர் வரவில்லை. வேறொரு டிஹெச்சிபி சர்வர், உதாரணமாக யாரோ கொண்டுவந்து மாட்டிய வைஃபை ரவுட்டர், முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கலாம். `PXE-E32` என்றால் கோப்பின் பெயரும் தெரியும், ஆனால் டிஎஃப்டிபி சர்வர் பேசவில்லை. பெரும்பாலும் ஃபயர்வால் 69-ஆம் போர்ட்டை அடைத்திருக்கும்.

இவற்றில் `PXE-E51` ஒரு விசித்திரமான காரணத்தாலும் வரும். சர்வர் சரியாக இருக்கும், கேபிளும் சரியாக இருக்கும். ஆனால் விலையுயர்ந்த ஸ்விட்சுகள், ஒரு கேபிள் உயிர்பெற்றதும் சுற்றுவழி ஏதும் இருக்கிறதா என்று சோதித்துவிட்டே அந்தப் போர்ட்டைத் திறக்கும். ஸ்பேனிங் ட்ரீ எனப்படும் இந்தச் சோதனையின் பழைய வடிவத்துக்கு 30 வினாடிகள் ஆகும். கணினி அதற்குள் கேட்டுச் சலித்துக் கைவிட்டுவிடலாம். இதைக் கண்டுபிடிக்கச் சில நூறு ரூபாய்ச் சாதாரண ஸ்விட்ச் ஒன்று போதும். கணினிக்கும் பெரிய ஸ்விட்சுக்கும் நடுவே அதை வைத்தால், கணினி அணைந்து எழுந்தாலும் பெரிய ஸ்விட்ச் பக்கத்து இணைப்பு அறுவதில்லை. அப்போது வேலை செய்தால் காரணம் ஸ்பேனிங் ட்ரீதான். ஆய்வகப் போர்ட்டுகளுக்கு சிஸ்கோ ஸ்விட்சுகளில் போர்ட்ஃபாஸ்ட் எனப்படும் அமைப்பை இயக்கினால் தீரும்.

மற்றொரு சிக்கல் எல்லாம் சரியாக நடந்த பிறகு வரும். கணினியின் அமைப்பில் நெட்வொர்க் முதலாவதாகவும் வட்டு இரண்டாவதாகவும் இருந்து, மெனுவும் காத்திருக்காமல் நிறுவலுக்கே போகுமானால், நிறுவி முடித்து மறுபடி எழும் கணினி திரும்பவும் நெட்வொர்க்கைக் கேட்கும், திரும்பவும் வட்டைத் துடைக்கும். இரவு முழுக்க இது சுற்றிக்கொண்டே இருக்கும். வட்டை முதலாவதாக வைத்துவிட்டு, நிறுவும் நாளில் மட்டும் எஃப்12 போன்ற விசையை அழுத்துவது பாதுகாப்பான வழி. நெட்வொர்க்தான் முதலில் இருக்க வேண்டும் என்றால், மெனுவின் இயல்புத் தேர்வாக ‘வட்டிலிருந்து தொடங்கு’ என்பதை வைக்க வேண்டும்.

பிஎக்ஸ்இ யாரையும் அடையாளம் கேட்பதில்லை. முந்திப் பதில் சொல்பவரையே நம்பும். பதில் கோப்பையும் ஆய்வகத்தில் இருக்கும் எவரும் உலாவியில் திறந்து படிக்கலாம். அதனால் அதில் கடவுச்சொல்லை அப்படியே எழுதாமல் மறையாக்கிய வடிவத்தில்தான் எழுத வேண்டும். நிறுவல் நெட்வொர்க்கையும் கல்லூரியின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்துவைக்க வேண்டும். பெரும்பாலான மடிக்கணினிகள் வைஃபை வழியாக இப்படித் தொடங்காது. கேபிள் துளை இல்லாதவற்றுக்குப் பென்டிரைவே கைகொடுக்கும்.

டிஎஃப்டிபியைத் தவிர்த்து, தொடக்கக் கோப்பையே ஹெச்டிடிபி வழியாக எடுக்கும் முறை 2015-ல் வந்த யூஇஎஃப்ஐ 2.5-ல் சேர்ந்தது. புதிய கணினிகள் மட்டுமே உள்ள ஆய்வகங்கள் அதற்கு மாறலாம். பழையவையும் புதியவையும் கலந்திருக்கும் இடங்களில், `dnsmasq` கோப்பின் அந்த இரண்டு `dhcp-boot` வரிகளும் இன்னும் சில ஆண்டுகளுக்குத் தேவைப்படும்.