போனில் குரல் தேய்ந்தால் குற்றவாளி யார்?

மாவு மில் நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய போனில் நாலைந்து மாதங்களாகவே எதிர்முனைக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வந்தது. சத்தத்தைக் கடைசிக் கோடு வரை ஏற்றியும் போதவில்லை. முதலில் சிக்னலைக் குறை சொன்னார். வாசலுக்கு வந்து நின்று பேசிப் பார்த்தார். பிறகு சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டார். கடைசியில் நம்பரையே வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்தார். குரல் அப்படியேதான் இருந்தது. தடை இருந்தது கோபுரத்தில் அல்ல. போனின் மேல்விளிம்பில், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் மெல்லிய கீற்றில்.

அந்தக் கீற்றுக்குப் பின்னால்தான் காதோடு வைத்துக் கேட்கும் சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. சர்வீஸ் கடைகளில் இதை இயர் ஸ்பீக்கர் என்பார்கள். அதன்மேல் மிக நுண்ணிய கண்களுள்ள ஒரு வலை ஒட்டப்பட்டிருக்கும். தூசி உள்ளே போகாமல் காப்பது அதன் வேலை. உலர்ந்த தூசி மட்டும் என்றால் தட்டினாலே உதிர்ந்துவிடும். ஆனால் காதும் கன்னமும் அங்கே படுகின்றன. வியர்வை, தோலின் எண்ணெய்ப்பசை, காதழுக்கு, முகப்பவுடர் எல்லாம் தூசியோடு குழைந்து வலைக்கண்களில் பசைபோல் இறுகிவிடுகின்றன. மில்காரருக்கு இவற்றோடு மாவும் சேர்ந்துகொண்டது.

வலை அடைபட்டால் சத்தம் குறைவது மட்டுமல்ல, குரலின் தன்மையும் மாறும். கூர்மையான ஒலிகள்தான் முதலில் மங்கும். ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ போன்றவை கரைந்துபோக, பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பேசுவது யாரென்று தெரியும். சொன்ன பெயரோ தொகையோ பிடிபடாது.

நெட்வொர்க் கோளாறு இப்படி இருக்காது. இன்றைய அழைப்பில் குரல் எண்களாக மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்கிறது. சிக்னல் பலவீனமானால் அந்த எண்களில் சில வந்து சேராமல் போகும். அப்போது பேச்சு நடுநடுவே அறுபடும், வார்த்தை பாதியில் விழுங்கப்படும், குரல் இயந்திரம்போல் உடையும், சில நொடி மௌனமாகும். சிக்னல் கோடு ஒன்று குறைந்தது என்பதற்காகக் குரல் மட்டும் சீராகத் தணிந்து ஒலிப்பதில்லை. எல்லோருடைய குரலும், எல்லா இடத்திலும், எந்நேரமும் ஒரே அளவில் மெலிந்திருந்தால் சந்தேகம் முதலில் போன்மீதுதான் விழ வேண்டும்.

குழப்பம் தரும் இடம் ஒன்று உண்டு. 4ஜி வழியே வோல்ட்டியில் பேசும்போது பொதுவாகக் குரலில் சுமார் 7,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் வந்து சேரும். அழைப்பு பழைய 2ஜிக்கு இறங்கிவிட்டால் ஏறத்தாழ 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவை வெட்டப்படும். அப்போதும் ‘ஸ’வும் ‘ஷ’வும் மங்கும், வலை அடைபட்டதுபோலவே தோன்றும். ஆனால் இந்த மங்கல் இடத்துக்கு இடம் வரும், போகும். வீட்டில் மங்கலாகக் கேட்ட அதே ஆள் கடைத்தெருவில் தெளிவாகக் கேட்டால், வலையைச் சுரண்டுவதில் பயனில்லை.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, நெட்வொர்க்கையே விலக்கிவிட்டுக் கேட்பதுதான். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் ஒரு குரல் பதிவை ஓடவிட்டு, போனைக் காதோடு வைக்க வேண்டும். முகம் அருகே வந்ததை உணர்ந்து போன் தானாகவே ஒலியைக் காது ஸ்பீக்கருக்கு மாற்றிவிடும். பக்கப் பொத்தானால் சத்தத்தை முழுதாக ஏற்ற வேண்டும். பிறகு அதே பதிவைக் காதிலிருந்து விலக்கிப் பெரிய ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். அங்கே தெளிவாகவும் காதில் மந்தமாகவும் இருந்தால், கோளாறு காது ஸ்பீக்கரிலோ அதன் வலையிலோதான். கோபுரத்துக்கு இதில் பங்கே இல்லை, ஏனென்றால் பதிவு போனுக்குள்ளேயே இருக்கிறது. சாம்சங் போன்கள் பலவற்றில் டயல் திரையில் *#0*# என்று அழுத்தி, வரும் பட்டியலில் Receiver என்பதைத் தொட்டால் காது ஸ்பீக்கரிலிருந்து நேரடியாக ஒரு ஒலி வரும். அதையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

மில்காரர் இந்தச் சோதனையைச் செய்தபோது பதிவு காதில் முணுமுணுப்பாகத்தான் கேட்டது. பெரிய ஸ்பீக்கரிலும் இயர்போனிலும் கணீரென்று ஒலித்தது.

சுத்தம் செய்யும் முன் இரண்டு விஷயம். அழைப்புக்கான சத்த அளவு, பாட்டுக்கும் ரிங்டோனுக்கும் உள்ள அளவிலிருந்து தனி; பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கப் பொத்தானை அழுத்தினால் அது ஏறும். அடுத்தது, டெம்பர் கிளாஸ். ஒரு மில்லிமீட்டர் மேலே தள்ளி ஒட்டியிருந்தாலும் கீற்றின் வாய் மூடிவிடும். புது போனோடு வந்த மெல்லிய தாளைக் கழற்றாமல் வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லைதான்.

பிறகு பிரஷ். மென்மையான, உலர்ந்த, புதிய பல் துலக்கும் பிரஷ் போதும். போனை அணைத்து, கீற்று தரையைப் பார்க்கும்படி தலைகீழாகப் பிடித்து, கீற்றின் நீளவாக்கில் லேசாகத் தேய்க்க வேண்டும். அழுக்கு உதிர்ந்து கீழே விழும். போனை நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்தால் அதுவே உள்ளே இறங்கும். மிஞ்சிய பசையை எடுக்க, செல்லோடேப்பை ஒட்டும்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, கீற்றின்மேல் ஒற்றி ஒற்றி எடுக்கலாம்.

ஊசியும் குண்டூசியும் வேண்டவே வேண்டாம். வலை கிழிந்தால் அதன்பின் உள்ள மெல்லிய சவ்வுக்குக் காப்பே கிடையாது. அதில் ஓட்டை விழுந்தால் குரல் கரகரக்கும். காற்றடிக்கும் குழாயும் கூடாது. அழுக்கை உள்ளே தள்ளுவதோடு சவ்வையும் சிதைத்துவிடும். சானிடைசர் ஊற்றினால் பசை கரையும், ஆனால் கரைந்தது உள்ளேதான் இறங்கும். மழையில் நனைந்து குரல் குறைந்தால், வலைக்கண்களில் தண்ணீர் படலமாக நிற்கிறது என்று பொருள். கீற்றைக் கீழ்நோக்கி வைத்துச் சில மணி நேரம் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

லேத் பட்டறையிலும் வெல்டிங் கடையிலும் வேலை செய்பவர்களுக்குப் பிரஷ் பயன்படாமல் போகலாம். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருப்பதால் இரும்புத்தூள் இழுபட்டு வலையில் ஒட்டிக்கொள்கிறது. குரல் குறைவதோடு ஒரு ரீங்காரமும் கேட்டால் அது இந்தத் தூளாக இருக்க வாய்ப்பு அதிகம். இதைக் கடையில் பிரித்துத்தான் எடுக்க முடியும்.

பிரஷ் போட்டபின் மில்காரரின் போனில் எல்லோர் குரலும் திரும்பியது, ஒருவரைத் தவிர. அரிசி அனுப்பும் வியாபாரியின் குரல் மட்டும் பழையபடியே இருந்தது. வியாபாரி இயர்போனில் பேசினால் நன்றாகக் கேட்டது. போனில் நேரடியாகப் பேசினால் மெலிந்தது. போனின் அடிப்பக்க மைக் துளையை அவருடைய கவர் பாதி மூடியிருந்தது. ஒரே ஒருவரின் குரல் மட்டும் குறைந்தால் பார்க்க வேண்டியது அவருடைய போனைத்தான்.

சுத்தம் செய்தபிறகும் குரல் பதிவு காதில் மந்தமாகவே இருந்தால், அல்லது போன் கீழே விழுந்த நாளிலிருந்து திடீரெனக் குறைந்திருந்தால், ஸ்பீக்கரோ அதன் இணைப்போ பழுதாகியிருக்கும். கடைக்குப் போகும்போது முதலில் வலையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்; ஸ்பீக்கர் மாற்றுவதை அதன்பிறகு பேசலாம். ஐபோன் எக்ஸ் முதல் 12 வரையிலான மாடல் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றில் காது ஸ்பீக்கர் இருக்கும் அதே பட்டையில் முகம் பார்த்துத் திறக்கும் வசதிக்கான பாகமும் இருக்கிறது. முழுப் பட்டையையும் மாற்றிவிட்டால் குரல் கேட்கும், முகம் பார்த்துத் திறப்பது நின்றுபோகும். பழைய பட்டையைக் காப்பாற்றி ஸ்பீக்கரை மட்டும் மாற்றத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டு போனைக் கொடுங்கள்.