"காத்துப் போகுது"

அக்கரைப்பற்றில் அறுவடை முடிந்த கையோடு அரிசி ஆலைகள் இரவிலும் ஓடும். பல ஆலைகளில் இப்போது நிறம் பிரிக்கும் இயந்திரம் இருக்கிறது. சரிவான தகட்டில் அரிசி மெல்லிய திரையாக வழுக்கி விழ, கமரா கறுப்பு மணியைக் காண்கிறது. உடனே சிறு துளையொன்றிலிருந்து காற்று அடித்து அந்த மணியை விலக்குகிறது. இயந்திரம் பழுதானால், அதைச் செய்த நாட்டின் பொறியியலாளரோடு தொலைபேசியில் பேசவேண்டி வரும். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆலையில் நிற்பவருக்கு ஆங்கிலம் வராது. நடுவில் மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும்.

இப்படி ஓர் அழைப்பை நினைத்துப் பாருங்கள். நல்ல அரிசியோடு கறுப்பும் சேர்ந்து வருகிறது. "இயந்திரத்துக்குக் காற்று வருகிறதா?" என்று பொறியியலாளர் கேட்கிறார். "காத்துப் போகுது புள்ள" என்கிறார் இயக்குநர்.

நம் பேச்சில் இதற்கு மூன்று பொருள் உண்டு. காற்று உள்ளே போகிறது என்பது ஒன்று, எங்கோ கசிகிறது என்பது இன்னொன்று, அழுத்தம் குறைகிறது என்பது மற்றொன்று. ஊகித்து ஒன்றைச் சொல்லிவிட்டால் அரைநாள் குழாய் தேடுவதிலேயே கழிந்துவிடும். ஆகவே மொழிபெயர்ப்பவர், "அவர் சொன்னது தெளிவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று முதலில் பொறியியலாளருக்கு அறிவிக்கிறார். அறிவிக்காமல் தமிழில் நீளமாகப் பேசினால் எதிர்முனையில் சந்தேகம்தான் வளரும்.

"காக்கா, லீக் ஆகுதா, இல்லாட்டி முள்ளு இறங்குதா?"

"லீக் இல்ல. அரிசி விடாட்டி 87ல நிக்குது. விட்டா 45க்கு விழுது."

எண்ணை மட்டும் சொல்வதும் போதாது. மானியில் பெரும்பாலும் இரு அளவுகள் அச்சாகியிருக்கும். 87 பி.எஸ்.ஐ. என்பது ஏறக்குறைய 6 பார். எண்ணின் பக்கத்திலுள்ள எழுத்தையும், எந்த மானி என்பதையும் கேட்கவேண்டும். இங்கே விழுவது இயந்திர வாசலிலுள்ள மானி, கம்பிரஸர் தாங்கியின் மானி அசையவில்லை. இரண்டும் விழுந்திருந்தால் கம்பிரஸரை ஐயுறலாம். ஒன்று மட்டும் விழுவதால் அடைப்பு இடைவழியில் இருக்கிறது. காற்று ஓடாதபோது அடைப்பு தெரியாது, ஓடும்போதுதான் காட்டிக்கொடுக்கும். பொறியியலாளர் காற்று வடிகட்டியைப் பார்க்கச் சொல்கிறார். கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் நிறைந்திருக்கிறது, உள்ளிருக்கும் வடிதுணியும் கறுத்துப்போயிருக்கிறது.

அடுத்த கட்டளையில்தான் ஆபத்து. "முள் பூச்சியத்துக்கு வரும்வரை திறக்காதே" என்கிறார் அவர். தமிழில் மறுப்பு வசனத்தின் கடைசியில்தான் வரும். 'திறக்க' என்ற சொல் காதில் விழுந்ததும் கை முந்திவிடக்கூடும், அழுத்தமுள்ள கிண்ணமோ தெறித்துவிடும். ஆகையால் வரிசையை மாற்றிச் சொல்கிறார்: "காக்கா, கைய வைக்க வேணாம். முதல்ல வால்வப் பூட்டுங்க. காத்தத் திறந்து விடுங்க. முள்ளு பூச்சியத்துக்கு வந்த பொறகு சொல்லுங்க."

சற்று நேரம் கழித்து அங்கிருந்து, "வந்திட்டு புள்ள" என்ற குரல் கேட்கிறது.