பணவீக்கத்தை இரண்டு முறை கழிக்கலாமா?

சி.ஏ., சி.எம்.ஏ. மாணவர்களுக்கு நிதி மேலாண்மை சொல்லிக்கொடுப்பவர்கள் அதிகம் திருத்தும் கணக்குகளில் என்.பி.வி. ஒன்று. நிகர நிகழ்கால மதிப்பு என்று பாடநூல் சொல்லும். இன்று ஒரு தொகையை முதலீடு செய்கிறோம். பிறகு ஆண்டுதோறும் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டி, போட்ட முதலைக் கழிக்கிறோம். மிச்சம் நின்றால் திட்டத்தை ஏற்கலாம். பள்ளம் விழுந்தால் விட்டுவிடலாம்.

வகுப்பில் நான் கொடுக்கும் கணக்கு இது. எந்திரத்தின் விலை ரூ.9 லட்சம், ஆயுள் 3 ஆண்டு, அதற்குப் பிறகு விற்றாலும் ஒன்றும் தேறாது. அதனால் மிச்சமாகும் பணம், இன்றைய விலையில், ஆண்டுக்கு ரூ.4 லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 5% ஏறும். வரி 25%. தேய்மானம் ஆண்டுக்கு ரூ.3 லட்சம். மூலதனச் செலவு 13.4%, இது பணவீக்கத்தையும் உள்ளடக்கிய, வரிக்குப் பிந்தைய வீதம். எந்திரத்தை வாங்கியது 10% வட்டிக்கு வங்கிக் கடனில்.

சரியான வழி இது. முதலாண்டு மிச்சம் 5% ஏறி ரூ.4,20,000 ஆகிறது. தேய்மானம் போக வரிக்குரிய லாபம் ரூ.1,20,000, வரி ரூ.30,000, கையில் நிற்பது ரூ.3,90,000. இதேபோல் இரண்டாம் ஆண்டு ரூ.4,05,750, மூன்றாம் ஆண்டு ரூ.4,22,287. மூன்றையும் 13.4% வீதத்தில் இன்றைக்குக் கொண்டுவந்தால் சுமார் ரூ.9,49,000. முதலைக் கழித்தால் என்.பி.வி. ரூ.49,000. எந்திரத்தை வாங்கலாம்.

இனி விடைத்தாள்களுக்கு வருவோம். ரூ.36,000 நஷ்டம் என்று ஒருவர் எழுதியிருந்தால், எங்கே வழுக்கினார் என்பது எனக்கு உடனே தெரியும். 13.4 என்ற எண் பணவீக்கத்தை ஏற்கெனவே விழுங்கியிருக்கிறது. உண்மையான வீதம் 8%, விலையேற்றம் 5%, 1.08-ஐ 1.05-ஆல் பெருக்கினால் வருவதுதான் 1.134. மாணவர் அதைக் கவனிக்காமல், ‘விலை ஏறுகிறதே’ என்று இன்னொரு முறை 1.05-ஆல் பெருக்கி 19.07% ஆக்கிவிடுகிறார். நல்ல திட்டம் குப்பைக்குப் போகிறது.

சிலர் இதற்குப் பயந்து வேறு பக்கம் சாய்வார்கள். எல்லாவற்றையும் இன்றைய விலையிலேயே வைத்து 8% போடுவார்கள். வரியே இல்லாத கணக்கில் அந்த வழியும் இதே விடையைத் தரும். வரி வந்துவிட்டால் தராது. ஏனென்றால் தேய்மானம் எந்திரத்தின் பழைய விலைமேல் கணக்கிடப்படுகிறது. விலைவாசி ஏறினாலும் ஆண்டுக்கு அதே ரூ.3 லட்சம்தான். அதனால் மிச்சமாகும் வரி ரூ.75,000 ஆண்டுக்கு ஆண்டு மதிப்பிழக்கிறது. அதையும் 8% வீதத்தில் குறைத்தால் விடை ரூ.66,000 என்று ஊதிப்போகும். புத்தகத்தில் ‘இரண்டு வழியும் ஒன்றே’ என்று படித்துவிட்டு, எந்த நிபந்தனையில் ஒன்று என்று பார்க்காததால் வரும் பிழை இது. இதைத்தான் நான் அதிக நேரம் எடுத்து விளக்குவேன்.

வட்டி விஷயம் இன்னும் பரவலானது. கடன், 10% என்று கேள்வியில் கண்டதும் ஆண்டுக்கு ரூ.90,000 வட்டியைக் கழித்துவிடுகிறார்கள். லாபநட்டக் கணக்கில் பழகிய கை அப்படித்தான் போகும். வட்டிக்குரிய வரிச்சலுகையை மறக்காமல் சேர்த்தால்கூட என்.பி.வி. ரூ.1,09,000 நஷ்டமாகிவிடும். கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டியதும் பங்குதாரர் எதிர்பார்ப்பதும் சேர்ந்துதான் 13.4% ஆகிறது. வீதத்தில் ஒரு முறை கொடுத்த வட்டியைப் பணவரவிலும் பிடித்தால் இரட்டைக் கழிவு. கேள்வியில் கடன் விவரம் இருப்பது பெரும்பாலும் இந்தப் பொறிக்காகவே.

வரியை மறப்பவர்களின் விடை மேல்நோக்கிப் போகும்: ரூ.1,31,000. வீதம் வரிக்குப் பிந்தையது, பணவரவு வரிக்கு முந்தையது என்ற பொருத்தமின்மை அங்கே ஒளிந்திருக்கிறது. வரியை மட்டும் கழித்துத் தேய்மானத்தின் வரி மிச்சத்தை விட்டுவிடுபவர்கள் ரூ.1,27,000 நஷ்டத்தில் போய் நிற்பார்கள். தேய்மானம் கையைவிட்டுப் போகும் பணம் அல்ல என்பதை நினைவில் வைத்திருக்கும் அவர்கள், அது வரியைக் குறைக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே தேர்வெழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். கணக்கைத் தொடங்கும் முன் தாளின் மேல் இரண்டே கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: என் வீதத்தில் பணவீக்கம் இருக்கிறதா? அது வரிக்கு முந்தையதா, பிந்தையதா? பணவரவும் அதே வகையில் இருக்கட்டும். வட்டி என்ற சொல் கண்ணில் பட்டால் அடிக்கோடிட்டுவிட்டு, பணவரவில் சேர்க்காமல் அடுத்த வரிக்குப் போங்கள்.