‘வேகத்தைக் கூட்டவும்’ என்றால் எவ்வளவு?

ஐடி அலுவலகங்களில் ‘பிப்’ என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்கு வயிறு கலங்கும். வேலையில் பின்தங்கியவருக்குத் தரப்படும் செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் அது. பெரும்பாலும் 30 முதல் 90 நாள்.

ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தை எடுத்துக்கொள்வோம். ஊழியர் ஒருவரிடம் வரும் 100 புகார்களில் 60தான் 24 மணி நேரத்துக்குள் முடிகின்றன. குழுவின் அளவு 85. ‘வேகத்தைக் கூட்டவும்’ என்று எழுதினால் அதை எப்படி அளப்பது? ‘4ஆம் வார முடிவில் 72, 8ஆம் வார முடிவில் 85’ என்று எழுதினால் இருவருக்கும் ஒரே கணக்கு. அவசரத்தில் புகாரை அரைகுறையாக முடித்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே மீண்டும் திறக்கப்படுபவை 100க்கு 5ஐத் தாண்டக் கூடாது என்ற வரியும் தேவை.

தாமதமானவற்றைப் பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் பில் தொடர்பானவை என்று தெரியவரலாம். அப்படியானால் குறை சுறுசுறுப்பில் இல்லை, பயிற்சியில். வாரம் 2 மணி நேரம் எந்த மூத்த ஊழியர், எந்த நாளில் அருகில் அமர்ந்து சொல்லித்தருவார் என்பது திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

மறுஆய்வுத் தேதிகளையும் முதல் நாளே குறித்துவிட வேண்டும். செவ்வாய்தோறும் 20 நிமிடம் போதும். சொன்ன பயிற்சி நடக்கவில்லையென்றால், அதை அதே தாளில் பதிந்து கெடுவை நீட்டுவதே நியாயம். சந்திப்புகளைத் தள்ளிப்போட்டுவிட்டு மேலாளர் கடைசி நாளில் முடிவை மட்டும் சொன்னால், வெளியே அனுப்புவதற்கான சம்பிரதாயம் இது என்று ஊழியர் நினைப்பதில் தவறில்லை.