ஒரு நிமிடத்தில் உ.வே.சா.

கல்லூரி விழா ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிறப்புரையாளர் ஏட்டுச் சுவடிகள் அச்சேறிய கதையைப் பேச வந்திருக்கிறார். அதற்கு முன் உ.வே.சாமிநாதையரை அவைக்கு அறிமுகப்படுத்த ஒரு மாணவிக்கு ஐந்து நிமிடம் தந்திருந்தார்கள். விழா தாமதமாகிவிட்டது. “ஒரே நிமிஷத்துல முடிச்சிடும்மா” என்கிறார் பேராசிரியர். மாணவி கையில் இருப்பதோ மூன்று பக்கம்.

மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல் வரும். வேகத்தைக் கூட்டினால் பின்வரிசைக்கு ஒன்றும் புரியாது. அடைமொழிகளை மட்டும் அடித்தால் ஐந்து நிமிடம் நான்காகும், அதற்குமேல் குறையாது. எழுதியதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெற்றுத்தாளில் தொடங்குவதுதான் வழி.

அந்தத் தாளுக்கு எதை எடுப்பது? அடுத்து வரும் உரையைப் புரிந்துகொள்ள அவைக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்பதை வைத்துத்தான் இதை முடிவுசெய்ய வேண்டும். 1855இல் பிறந்தது, சொந்த ஊர் உத்தமதானபுரம், தந்தையின் சங்கீதப் புலமை, 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறியது, 1906இல் கிடைத்த மகாமகோபாத்தியாயர் பட்டம், எல்லாமே உண்மை, எல்லாமே பெருமை. ஆனால் ஏடு எப்படி அச்சானது என்ற உரைக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. தமிழாசிரியர் ஒருவர் ஏன் ஏடு தேடப் புறப்பட்டார், என்ன செய்தார், என்ன கிடைத்தது என்ற மூன்றும் போதும்.

ஆண்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1887 என்பது தாளில் நான்கு இலக்கம். வாயால் சொன்னால் ‘ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து ஏழு’. ஐந்தாறு ஆண்டுகள் சேர்ந்தால் நிமிடத்தில் கால் பங்கு போய்விடும், கேட்பவர் மனத்தில் ஒன்றும் நிற்காது. ஆகவே ஒரே ஓர் ஆண்டு. எழுதிப் பார்த்தால் இப்படி வரும்:

“கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். பிரதிகளை ஒப்பிட்டுச் சரியான பாடம் கண்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1887இல், சிந்தாமணி முழுநூலாக அச்சில் வந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. இவற்றை நாம் புத்தகமாகப் படிக்க வழிசெய்தவர் உ.வே.சாமிநாதையர்.”

அறுபது சொல் அளவுதான். மூச்சுவிடவும் பெயரைச் சொல்லுமுன் சற்று நிறுத்தவும் இடம் இருக்கிறது. பெயரைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றே. கைதட்டல் எழுந்தால் அது அங்கே எழட்டும், பேச்சின் நடுவில் எழுந்து நொடிகளைத் தின்ன வேண்டாம்.

சுருக்கும்போது வரும் பெரிய ஆபத்து, பொய் நுழைந்துவிடுவது. நாலு வரியை ஒரு வரியாக்கும் அவசரத்தில் ‘சங்க இலக்கியத்தை முதன்முதலில் அச்சிட்டவர்’ என்று எழுதத் தோன்றும். அது தவறு. அதே 1887இல் சி.வை.தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். சிந்தாமணியோ சங்க நூலே அல்ல. திருத்தக்கதேவர் இயற்றிய காப்பியம். அதன் முதற்பகுதியான நாமகள் இலம்பகமும் முன்பே அச்சாகியிருந்தது. மேலே உள்ள ‘முழுநூலாக’ என்ற சொல்லை இடம் போதாது என்று எடுத்துவிட்டால் முழு வாக்கியமும் பொய்யாகிவிடும். ‘முதல்’, ‘ஒரே’, ‘எல்லாம்’ என்பவை சுருக்கத்தில் எங்கே வந்தாலும் பழைய மூன்று பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

விட மனம் வராத செய்திகளும் இருக்கும். முதலியாரே ஒரு பிரதி கொடுத்தது, நூலில் வரும் சமண சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்தது, இரண்டுமே அருமையான செய்திகள். எனக்கும் அவற்றை வெட்ட வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இவை சிறப்புரையாளர் எப்படியும் சொல்லப்போகிறவை. அவர் சொல்லவேண்டியதை முன்பே சொல்லிவிடுவது அவருக்குச் செய்யும் உபகாரம் அல்ல.

எழுதியதை எழுந்து நின்று, குரலெடுத்து, கடிகாரம் பார்த்துப் படிக்க வேண்டும். மனத்துக்குள் படித்தால் நேரம் குறைவாகத்தான் காட்டும். பிறகு உ.வே.சா.வைப் பற்றி அதிகம் தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டி, காபி குடித்து முடித்தபின் என்ன நினைவிருக்கிறது என்று கேட்கலாம். முன்சீபின் கேள்வியும் ஏடு தேடியதும் அவர் வாயில் வந்தால் போதும். ‘ஏதோ நிறைய புத்தகம் போட்டாராம்’ என்று மட்டும் சொன்னால், நூல்களின் பட்டியல் கேள்வியை மூடிவிட்டது என்று பொருள். அப்போது பட்டியலில் இரண்டைக் குறைத்து, கேள்விக்குப் பின் ஒரு நொடி நிறுத்திச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மேடையேறும் நேரத்தில் ‘அரை நிமிடம்தான்’ என்றாலும் கலங்க வேண்டாம். மீனாட்சிசுந்தரம் பிள்ளை வரியையும் அதற்கடுத்த வரியையும் நூற்பட்டியலையும் பென்சிலால் முன்கூட்டியே அடைப்புக்குறிக்குள் போட்டு வைத்திருந்தால், அவற்றைத் தாண்டி நேரே படித்துவிடலாம். ‘இவற்றை’ என்ற இடத்தில் மட்டும் ‘பழைய நூல்கள் பலவற்றை’ என்று சொல்ல வேண்டும்.